நிலாவைக் காட்டும் விரல்: பேச்சுத் தாமதமா, ஆட்டிசமா?

டர்பனில் புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "ரெண்டு வயசு தாண்டியாச்சு, இன்னும் பேச்சு வரல. இது வெறும் தாமதமா, இல்ல ஆட்டிசமா?" அந்தக் கேள்வி என் அறைக்கு வருவதற்குள் வீட்டில் நிறைய நடந்திருக்கும். ஊரிலிருக்கும் அத்தை, "உன் வீட்டுக்காரனே மூணு வயசுலதான் பேசினான், பேசாம இரு" என்று சொல்லியிருப்பார். பாட்டி நாக்கில் வசம்பு தடவியிருப்பார். கிரேஷ் டீச்சர் ஒரு மாலை தயங்கித் தயங்கி 'ஆட்டிசம்' என்ற சொல்லை எடுத்திருப்பார். அன்றிரவு அம்மா தூங்கியிருக்க மாட்டார்.

நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளில் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறோம், தென்னாப்பிரிக்காவில் யாரிடம் முதலில் போக வேண்டும், மதிப்பீட்டு அறைக்குள் என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு எத்தனை சொல் வருகிறது என்பதை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஐந்தே சொல் பேசும் பிள்ளைக்கு ஆட்டிசம் இல்லாமல் இருக்கலாம். நூறு சொல் பேசும் பிள்ளைக்கு இருக்கலாம். நாங்கள் பார்ப்பது, அந்தச் சொல்லையும் விரலையும் கண்ணையும் பிள்ளை எதற்காகப் பயன்படுத்துகிறது என்பதைத்தான்.

முதலில் வீட்டில்: விரலைப் பாருங்கள்

நம் வீடுகளில் சோறூட்டும்போது நிலாவைக் காட்டுகிற வழக்கம் இருக்கிறது. அதில் பிள்ளை செய்வதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். நீங்கள் விரலை நீட்டி "அதோ நிலா" என்கிறீர்கள். பிள்ளை உங்கள் விரலைப் பார்க்காமல், விரல் போகும் திசையில் வானத்தைப் பார்க்கிறது. பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது. சில மாதம் கழித்து நீங்கள் காட்டாமலே அதுவே விரலை நீட்டி, "ஆ!" என்று உங்களைப் பார்க்கிறது. நிலா அதற்கு வேண்டியதில்லை, கையில் கிடைக்கப் போவதும் இல்லை. 'நான் பார்த்ததை நீயும் பார்' என்பது மட்டும்தான் அந்த விரலின் செய்தி.

பிள்ளைகள் விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கேட்பதற்கு: மேசை மேலிருக்கும் பிஸ்கட்டைக் காட்டுவது. இன்னொன்று பகிர்வதற்கு: வானத்தில் போகும் ஹெலிகாப்டரைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது. கேட்பதற்கான விரல் பொதுவாக 15 மாத வாக்கில் வந்துவிடும். பகிர்வதற்கான விரல் 18 மாதத்துக்குள் வந்துவிட வேண்டும். மொழி மட்டும் தாமதமான பிள்ளையிடம் இந்த இரண்டு விரலும் இருக்கும். சொல் வராத குறையை விரலும் தலையாட்டலும் முகபாவமும் இழுத்துக்கொண்டு போவதால், பல நேரம் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகவே இருக்கும். ஆட்டிசத்தில் முதலில் மெலிந்து காணப்படுவது பகிர்வதற்கான விரல்தான். கேட்பதற்கான விரல்கூடச் சிலரிடம் இருக்காது. அதற்குப் பதில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தக் கையைக் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் வைக்கும், முகத்தை ஏறெடுத்தும் பார்க்காது. கதவைத் திறக்கும் கருவியாக அம்மாவின் கை ஆகிவிடுகிறது.

ஒரு வாரம் இதை மட்டும் பாருங்கள், குறித்து வையுங்கள். எது வேண்டும் என்று காட்டியது, எதைச் சும்மா காட்டியது, காட்டிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்ததா. சந்தேகமாக இருந்தால் 'நண்டூருது, நரியூருது' விளையாடுங்கள். உள்ளங்கையிலிருந்து விரல்கள் ஏறி, அக்குளுக்கு வரும் முன் சட்டென்று நிறுத்திவிட்டு ஐந்து விநாடி சும்மா இருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டி, 'ம்' என்று அடுத்ததைக் கேட்கும். அந்த ஐந்து விநாடியில் கண் எங்கே போகிறது என்பது எங்களுக்கு மிகப் பெரிய செய்தி. ஒருமுறை பார்க்காததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பசி, தூக்கம், காய்ச்சல் எல்லாம் குறுக்கே வரும். வெவ்வேறு நாளில் பத்து முறை விளையாடிப் பாருங்கள்.

இதையெல்லாம் போனில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சாப்பிடும்போது இரண்டு நிமிடம், தனியாக விளையாடும்போது இரண்டு நிமிடம், உங்களோடு விளையாடும்போது இரண்டு நிமிடம். புது அறையில் மிரண்டு உட்காரும் பிள்ளையை மட்டும் பார்த்து முடிவெடுக்க எனக்கும் பிடிக்காது. வீட்டு வீடியோ அந்தக் குறையைத் தீர்க்கும்.

சொற்களை எண்ணும் முறை

இங்கே நம் குடும்பங்கள் தவறு செய்யும் இடம் இது. பிள்ளை பாட்டியிடம் தமிழ் கேட்கிறது, கிரேஷில் ஆங்கிலம், வீட்டில் உதவிக்கு வரும் அக்காவிடம் ஜூலு. அம்மாவைக் கேட்டால் "தமிழ்ல நாலு வார்த்தைதான்" என்பார், டீச்சரைக் கேட்டால் "இங்கே மூன்றே சொல்" என்பார். இரண்டு பேருமே குறைத்துச் சொல்கிறார்கள். எல்லா மொழியிலும் உள்ள சொற்களைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். 'மம்மு', 'டாட்டா', 'உம்மாச்சி' எல்லாம் சொற்கள்தான். தண்ணீருக்கு 'அமன்ஸி' என்ற ஜூலு சொல்லை வெட்டி 'மன்ஸி' என்று சொன்னால் அதுவும் ஒரு சொல். ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தொடர்ந்து பயன்படுத்துகிறதா என்பதுதான் கணக்கு, உச்சரிப்பு சுத்தமா என்பது இல்லை.

இப்படிச் சேர்த்து எண்ணியும் 24 மாதத்தில் 50 சொல்லுக்குக் குறைவாக இருந்து, 'பாட்டி வா', 'பால் இல்ல' போன்ற இரட்டைச் சொற்களும் வரவில்லை என்றால், அதைத் தாமதமாக எடுத்துக்கொண்டு மதிப்பீட்டுக்குப் போகலாம். பல மொழி கேட்பதால் பிள்ளைக்குத் தாமதம் வருவதில்லை, ஆட்டிசமும் வருவதில்லை. "எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று யாராவது அறிவுரை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் சரளமாக வராத மொழியில் பேசினால் பேச்சு சுருங்கி, "சிட், ஈட், கம்" என்று கட்டளைகள் மட்டுமே மிஞ்சும். பிள்ளைக்குக் கிடைக்கும் மொழி அதனால் குறைந்துதான் போகும்.

வசம்பைப் பற்றியும் கேட்பீர்கள். அதனால் பேச்சு வராது, நிறுத்திவிடுங்கள். நாக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதும் பேச்சு வராததற்குக் காரணம் இல்லை. சில ஒலிகளின் தெளிவைப் பாதிக்கலாம், சொல் வருவதையே அது தடுக்காது.

யாரிடம் போவது

பிறந்தபோது கொடுத்த 'ரோடு டு ஹெல்த்' புத்தகம் உங்களிடம் இருக்கும். இங்கே பிறக்காத பிள்ளை என்றால் தடுப்பூசிக்குப் போகும்போது கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். பழைய ஆட்கள் இன்னும் 'கிளினிக் கார்டு' என்றுதான் சொல்வார்கள். ஊசி, எடை மட்டும் இல்லை, குறிப்பிட்ட வயதுகளில் பார்வை, செவி, பேச்சு, நடை பார்த்துக் குறிக்கவும் அதில் ஒரு பக்கம் உண்டு. 18 மாத ஊசிக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து சிஸ்டரிடம் நீட்டுங்கள். கூட்டமான நாளில் அது நிரப்பப்படாமலே போய்விடும். 18 மாத ஊசிக்குப் பிறகு 6 வயது வரை அட்டவணையில் ஊசி இல்லாததால், பல குடும்பங்கள் கிளினிக் பக்கமே போவதில்லை. பேச்சுத் தாமதம் கண்ணில் படத் தொடங்குவதும் சரியாக அந்த இடைவெளியில்தான். நீங்களாகப் போய்க் கேட்டால்தான் ஆகும்.

அரசு வழியில், கிளினிக் சிஸ்டரோ மருத்துவரோ கடிதம் தருவார், அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் பேச்சு மற்றும் செவித்திறன் பிரிவுக்குப் போக வேண்டும். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவத் திட்டம் இல்லாத 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவம் இலவசம் என்ற ஏற்பாடு 1994 முதல் இருக்கிறது. காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும், ஆகவே கடிதம் கிடைத்த அன்றே தேதி வாங்கிவிடுங்கள். தனியார் வழியில், பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் கடிதம் இல்லாமலே நேரே போகலாம். அவர் ஹெச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று அந்த இணையப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் எய்ட் ஆண்டுக்கு எவ்வளவு தரும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள், அந்தத் தொகை மதிப்பீட்டிலேயே கரைந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நிலையில் மட்டும் எதற்கும் காத்திருக்க வேண்டாம். வந்த சொற்கள் போய்விட்டால், முன்பு கையசைத்த பிள்ளை அதை விட்டுவிட்டால், முகம் பார்ப்பது குறைந்துவிட்டால், அடுத்த நாளே மருத்துவரைப் பாருங்கள்.

காது முதலில்

எல்லாக் கேள்விக்கும் முன்னால் செவிப் பரிசோதனை. இதைத் தாண்டிப் போக எந்தப் பெற்றோரையும் நான் விடுவதில்லை. "கதவு சாத்தினா திரும்புறானே, காது நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கதவு தடாலென்று சாத்தும் சத்தம் மிக உரத்தது. பேச்சில் வரும் 'ச', 'ப', 'த' போன்ற ஒலிகள் மெல்லியவை. நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தால் கதவு கேட்கும், இந்த ஒலிகள் கேட்காது. இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு பக்கத்து அறைப் பேச்சைக் கேட்பது போல இருக்கும். வலியோ காய்ச்சலோ இல்லாமலே இப்படி மாதக்கணக்கில் நீர் நிற்கலாம். கிரேஷுக்குப் போய் அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளிடம் இது மிகவும் சகஜம்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் மருத்துவமனையிலேயே செவிப் பரிசோதனை நடந்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். அப்படியே நடந்து தேறியிருந்தாலும் அது பிறந்த வாரத்துக் காது. இரண்டு வயதுக் காதை மறுபடி பார்க்க வேண்டும். செவித்திறன் நிபுணர் இரண்டு காரியம் செய்வார். ஒன்று, காதில் சின்னக் குமிழை வைத்து, காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது. அசையும் காதில் திரையில் ஒரு மேடு வரும், நீர் தேங்கிய காதில் கோடு தட்டையாக ஓடும். இன்னொன்று, ஒலி வந்ததும் திரும்பினால் ஒரு பொம்மை ஒளிவிடும் என்று பிள்ளைக்குப் பழக்கி, ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், எதுவரை கேட்கிறது என்று பார்ப்பது. வலி கிடையாது. மடியில் உட்கார்ந்திருக்கும் அம்மா மட்டும் ஒலி வரும் திசையில் தானும் திரும்பிப் பிள்ளைக்குக் குறிப்புக் கொடுத்துவிடக் கூடாது.

அறைக்குள்: ஒரு பையனின் மதிப்பீடு

26 மாதப் பையன். சென்னையிலிருந்து வந்து பத்து மாதம். கிரேஷ் டீச்சர், "பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, தனியாக விளையாடுகிறான், ஆட்டிசமாக இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா, அப்பா, பாட்டி மூன்று பேரும் வந்திருந்தார்கள். மூன்று மொழியையும் சேர்த்து எண்ணியதில் ஒன்பது சொல் வந்தது.

முதல் இருபது நிமிடம் நான் பையனைத் தொடவில்லை. தரையில் சாமான்களைப் பரப்பிவிட்டுப் பெரியவர்களிடம் பேசினேன். பிரசவம் எப்படி, மஞ்சள் காமாலை வந்ததா, எப்போது நடந்தான், குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசினார்களா, காதில் சீழ் வந்ததுண்டா. கிரேஷில் சேர்ந்ததிலிருந்து சளி விட்டபாடில்லை என்று பாட்டி சொன்னார். பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னக் கரண்டியை எடுத்துப் பொம்மையின் வாயில் வைத்தான், பிறகு பாட்டியின் வாய்க்குக் கொண்டுபோனான், பாட்டி "ஆம்" என்றதும் சிரித்தான். இது பாவனை விளையாட்டு. இல்லாத சோற்றை இருப்பதாக வைத்து ஊட்டுகிறான், அந்தக் கற்பனையில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்கிறான்.

அடுத்து நானே சூழ்நிலைகளை உண்டாக்கினேன். இறுக்கி மூடிய கண்ணாடி ஜாடிக்குள் பிஸ்கட்டை வைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் முயன்று பார்த்தான், என்னிடம் நீட்டினான், என் முகத்தைப் பார்த்தான். சோப்புக் குமிழி ஊதிவிட்டு மூடியை மூடிக்கொண்டு சும்மா இருந்தேன். குமிழியைக் காட்டி, என்னைப் பார்த்து, "உம்" என்றான். சாவி கொடுத்தால் ஓடும் தவளையை ஓடவிட்டேன். தவளையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மறுபடி தவளையைப் பார்த்தான். பொருள், முகம், பொருள் என்று கண் போய்வரும் இந்த முக்கோணத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் போனபோது யாரும் கேட்காமலே விரலை நீட்டி அப்பாவை இழுத்துக் காட்டினான்.

பிறகு புரிதலுக்கு வந்தேன். நம் பிள்ளைகளை இந்த ஊரில் மதிப்பிடும்போது அதிகம் பிசகுவது இங்கேதான். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் கிடைப்பது அரிது, அதனால் பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான் மொழிபெயர்ப்பார்கள். "பந்தை எடு" என்று சொல்லும்போதே பாட்டியின் கண் பந்தின் மேல் போய்விடும், கை லேசாக நீளும். பிள்ளை சொல்லைக் கேட்டு எடுத்ததா, கண்ணைப் பார்த்து எடுத்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் பாட்டியிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமானைப் பார்க்காமல், பையன் முகத்தைப் பார்த்தே சொல்லச் சொன்னேன். வழக்கமாகச் சொல்லாத, ஊகிக்க முடியாத ஒன்றையும் கேட்கச் சொன்னேன்: "செருப்பைப் பாட்டிகிட்ட குடு." எதிரில் உட்கார்ந்து சொன்ன ஆறு தமிழ்க் கட்டளைகளில் நான்கைச் செய்தான். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று. அதே தமிழ்க் கட்டளைகளைப் பாட்டி அவனுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, மெல்லிய குரலில் சொன்னபோது ஒன்றுமே நடக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டபோதும் அப்படித்தான்: அருகில் வந்து கூப்பிட்டால் உடனே திரும்பினான், பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் இல்லை.

கிரேஷ் டீச்சர் சொன்னது பொய்யில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. இருபது பிள்ளைகள் கத்தும் அறையில், அரைகுறையாகத் தெரிந்த மொழியில், தூரத்திலிருந்து கூப்பிடும் பெயர் அவன் காதில் விழுந்திருக்காது. செவித்திறன் நிபுணரிடம் அனுப்பினேன். இரண்டு காதிலும் கோடு தட்டை. 35 டெசிபலுக்குக் கீழே இருந்த ஒலிகளுக்கு அவன் திரும்பவில்லை. மெல்லிய பேச்சு அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். நடுச்செவி நீர் பல பிள்ளைகளுக்குத் தானாகவே வற்றிவிடும் என்பதால் அதுதான் வழக்கம். அதுவரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு மீட்டருக்குள் வந்து, முகத்துக்கு நேரே, டிவியை அணைத்துவிட்டுப் பேசுவது. அவன் பார்ப்பதற்குப் பெயர் சொல்வது. அவன் 'கார்' என்றால் 'கார் போச்சு' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்வது. 'என்ன இது, சொல்லு, சொல்லு' என்று தேர்வு வைப்பதை நிறுத்துவது. மூன்று மாத முடிவில் ஒரு காது தெளிந்திருந்தது, இன்னொன்று இல்லை. 32 மாதத்தில் அறுபது சொல்லுக்கு மேல் வந்துவிட்டது, 'பாட்டி வா', 'கார் இல்ல' என்று சேர்க்கவும் ஆரம்பித்தான்.

ஆனால் அத்தோடு கதை முடிந்துவிடவில்லை. ஒரு காது தெளிந்த பிறகும் அவனுடைய புரிதல் வயதுக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. தாமதமாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். எட்டாமல் போகும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்றால், புரிதலும் பின்தங்கியவர்களுக்கும், குடும்பத்தில் மொழிச் சிக்கல் உள்ளவர்களுக்கும்தான். அவர்களிடம் நீடித்து நிற்கும் சிக்கலுக்கு 'வளர்ச்சி மொழிக் கோளாறு' என்று பெயர். அந்தப் பெயரை இரண்டு வயதில் வைப்பதில்லை, நான்கு வயதுக்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். அதனால் அவனை நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சொல் நிறைய இருந்த பெண்

அதே ஆண்டு 28 மாதப் பெண் குழந்தை ஒருத்தி வந்தாள். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவாள், ஆங்கில எழுத்துகள் அத்தனையும் சொல்வாள், பாட்டுகள் முழுதாகப் பாடுவாள். உறவினர்கள் எல்லோரும் கெட்டிக்காரி என்று கொண்டாடினார்கள். அவளுடைய அம்மாவுக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. "பேசுறா, ஆனா என்கிட்ட பேசல" என்றார். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட மிகத் துல்லியமான விவரிப்பு அதுதான்.

ஜூஸ் வேண்டும்போது அவள் "ஜூஸ் வேணுமா?" என்று அம்மாவின் தொனியிலேயே கேட்பாள். கேட்ட வாக்கியத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிறாள், 'வேணும்' என்று மாற்றிச் சொல்வதில்லை. குமிழி ஊதி நிறுத்தியபோது கம்பியை என் கையில் திணித்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. தவளை ஓடியபோது கையை உதறிக் குதித்தாள், அம்மா பக்கம் கண் போகவில்லை. நான் நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, வெளியே சிப்ஸ் பாக்கெட் சரசரத்ததும் உடனே திரும்பினாள். செவிப் பரிசோதனையில் இரண்டு காதும் நன்றாக இருந்தன. நான் சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன், அவள் என் விரலைப் பார்த்தாள். டப்பா மூடிகளைச் சுவரோரம் அளவாக வரிசை வைத்தாள், ஒன்றை நான் நகர்த்தியதும் அலறினாள். பொம்மைக்கு ஊட்டுவது போன்ற பாவனை எதுவும் இல்லை.

ஆட்டிசம் என்று முடிவு செய்ய இரண்டு பக்கமும் வேண்டும். ஒருபுறம், பிறரோடு முகம் கொடுத்துப் பழகுவதிலும் பகிர்வதிலும் குறை. மறுபுறம், திரும்பத் திரும்ப ஒரே செயல், மாற்றத்தைப் பொறுக்காமை, ஒலியோ தொடுதலோ தரும் மிகை ஈர்ப்பு அல்லது வெறுப்பு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 அளவுகோல் இப்படித்தான் கேட்கிறது. பேச்சுத் தாமதம் அதில் கட்டாய நிபந்தனையாக இல்லை. அதனால்தான் நூறு சொல் இருப்பது ஆட்டிசம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அவள் அம்மாவின் மடியில் ஏறிக் கட்டிக்கொள்வாள், முத்தம் தருவாள். அதுவும் சான்று ஆகாது. பாசம் ஆட்டிசப் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்றல்ல.

எனக்குத் தோன்றியதை எழுதி, வளர்ச்சி நலக் குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன். முடிவைச் சொன்னவர் அவர்தான். இந்த முடிவை ஒரே ஒருவர், ஒரே ஒரு சந்திப்பில் சொல்வதைவிட, மருத்துவரும் சிகிச்சையாளரும் பெற்றோரும் பார்த்ததைச் சேர்த்துச் சொல்வதே நல்லது.

படிவங்களும் மதிப்பெண்களும்

ஆட்டிசத்துக்கான அறிகுறிகளைக் கேட்கும் எம்-சேட் என்ற படிவம் இணையத்தில் கிடைக்கும். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது, ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். கவலை தரும் பதில்களின் எண்ணிக்கை 2 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து குறைவு. 3 முதல் 7 வரை வந்தால், தவறிய கேள்விகளை நிபுணர் ஒருவர் மறுபடி விரிவாகக் கேட்க வேண்டும். 8-உம் அதற்கு மேலும் வந்தால் நேரே மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். இது சல்லடை மட்டும்தான். இதில் சிக்குகிற பிள்ளைகள் பலருக்கு ஆட்டிசம் இருக்காது, மொழித் தாமதமோ வேறு வளர்ச்சித் தாமதமோ இருக்கும். நான் சொன்ன பையனுக்கே 4 வந்தது. பெயருக்குத் திரும்பாதது, சொன்னது புரியாதது போன்ற காதின் குறை எல்லாம் ஆட்டிசத்தின் கணக்கில் ஏறிவிட்டது. இரவு பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து இதைப் போட்டு, வரும் எண்ணை வைத்து அழ வேண்டாம். குறைவான எண்ணைப் பார்த்து, மனதில் உறுத்திக்கொண்டிருப்பதைத் தள்ளிவைக்கவும் வேண்டாம்.

ஆட்டிசத்தைக் கண்டறியும் ஏடாஸ் என்ற விளையாட்டு வழி ஆய்வைப் பற்றியும் கேட்பீர்கள். குமிழி, பிறந்தநாள் பாவனை, பலூன் என்று குறித்த வரிசையில் செய்து மதிப்பெண் போடுவது அது. நல்ல கருவி. அதற்குப் பயிற்சி வேண்டும், சாமான்களும் விலை அதிகம், எல்லா இடத்திலும் இருக்காது. அது இல்லாமல் அனுபவமுள்ளவர் தந்த முடிவு செல்லாது என்று ஆகிவிடாது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இங்கே பயன்படும் மொழித் தேர்வுகளின் சராசரிகள் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே பேசும் வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துக் கணக்கிட்டவை. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு 'மொழி வயது 14 மாதம்' என்று அறிக்கையில் இருந்தால், எந்த மொழியில் கேட்டார்கள், யார் மொழிபெயர்த்தார்கள் என்று விசாரியுங்கள்.

அறிக்கையை வாங்கும்போது

கையில் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். நான்கு விஷயம் அதில் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்: செவிப் பரிசோதனையின் முடிவு, சைகை இல்லாமல் பிள்ளைக்கு எவ்வளவு புரிகிறது, பகிர்வதற்காகக் காட்டுவதும் முகம் பார்ப்பதும் எப்படி இருக்கின்றன, அடுத்த சந்திப்பு எந்தத் தேதி. "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று சொன்னால் எத்தனை மாதம், அதற்குள் எது வர வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு வயதில் சில பிள்ளைகளை உறுதியாக எந்தப் பக்கமும் வைக்க முடியாது, அது உண்மைதான். மொழித் தாமதமும் ஆட்டிசமும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையை மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்க, பெயர் முடிவாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முகம் பார்த்து விளையாடுவதும், பிள்ளை பார்ப்பதை நாமும் பார்த்துப் பெயர் சொல்வதும் இரண்டு நிலைக்கும் பொதுவான முதல் பாடம்தான்.

சந்திப்புக்குப் போகும்போது கிளினிக் புத்தகம், போன் வீடியோக்கள், எல்லா மொழியிலும் எழுதிய சொல் பட்டியல், பிள்ளைக்குப் பிடித்த ஒரு தின்பண்டம், இவை கையில் இருக்கட்டும். பாட்டியையும் அழைத்துப் போங்கள். பிள்ளை யாரிடம் அதிக நேரம் இருக்கிறதோ, அவருக்குத் தெரிந்தவை உங்களுக்கும் தெரிந்திருக்காது.